கருவிக்கே முதல் ஸ்லாட்: கல்லூரி ஆய்வகங்களில் நேரப் பங்கீடு

பல துறைகள் சேர்ந்து பயன்படுத்தும் விலையுயர்ந்த கருவி ஒன்று கல்லூரிக்கு வந்ததும் மூன்று கேள்விகள் எழுகின்றன. ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? இருவர் ஒரே நேரத்தைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? பராமரிப்புக்கு எப்போது மூடுவது? பெரும்பாலும் இதே வரிசையில்தான் இவற்றுக்கு விடை தேடுகிறார்கள். முதலில் நேரம் பிரிக்கப்படுகிறது, பிறகு செல்வாக்குள்ளவர்களுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, மிஞ்சிய நேரம் பராமரிப்புக்கு என்று விடப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பராமரிப்பு முதலில், நேர வரம்பு இரண்டாவது, முன்னுரிமை கடைசி. ஏன் என்பதை வேதியியல் துறைகளில் அதிகம் கேட்கப்படும் ஒரு கருவியை வைத்துப் பார்ப்போம்: 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர்., அதாவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி.

இன்று உள்ள முறைகள்

இந்தியாவில் கருவிப் பகிர்வு புதிதல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும் சைஃப் மையங்கள் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணத்தில் அளவீடு செய்துகொடுக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் அப்படி ஒரு மையம் உண்டு. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளத்தில், நாட்டின் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

கல்லூரிக்குள் புழங்கும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, சாம்பிளைக் கொடுத்துவிட்டுப் போகும் முறை. ஆராய்ச்சி மாணவர் குழாயையும் படிவத்தையும் கொடுப்பார், இயக்குநர் வரிசைப்படி ஓட்டி முடிவை அனுப்புவார். இங்கே யாருக்கும் நேரம் சொந்தமில்லை, வரிசை எண் மட்டுமே உண்டு. இரண்டாவது, பயிற்சி பெற்ற மாணவரே ஸ்லாட் எடுத்து ஓட்டும் முறை. மூன்றாவது இரண்டும் கலந்தது: பகலில் ஸ்லாட், இரவில் தானியங்கி சாம்பிள் மாற்றியில் வரிசை.

முதல் முறையில் கருவி சும்மா இருப்பது குறைவு, ஆனால் முடிவு எப்போது வரும் என்று சொல்வது கடினம். இரண்டாவதில் நேரம் உறுதி, ஆனால் எடுத்த ஸ்லாட்டுக்கு ஆள் வராவிட்டால் அந்த நேரம் வீண். என்.எம்.ஆரைப் பொறுத்தவரை மூன்றாவது முறையே பொருந்துகிறது. அதற்குக் காரணம் அளவீட்டின் இயல்பிலேயே இருக்கிறது.

நேர வரம்பை யார் நிர்ணயிக்கிறார்கள்?

புரோட்டான் நிறமாலை ஒன்றை எடுக்க 16 ஸ்கேன் பெரும்பாலும் போதும், ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். குழாயை இறக்குவது, லாக் பிடிப்பது, ஷிம் செய்வது எல்லாம் சேர்த்தாலும் 15 நிமிட ஸ்லாட் தாராளம். கார்பன்-13 அப்படியல்ல. இயற்கையில் கார்பன் அணுக்களில் சுமார் 1.1 சதவீதம் மட்டுமே கார்பன்-13 என்பதால் குறிகை மிகவும் மெலிந்தது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக் கூட்டினால்தான் இரைச்சலுக்கு மேலே அது தலைகாட்டும்.

கூட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. குறிகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்கிறது. விகிதம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு சேர்மத்தில் 20 மில்லிகிராம் எடுத்து 1,024 ஸ்கேனில் நல்ல கார்பன் நிறமாலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கேனுக்கு 3 விநாடி என்றால் மொத்தம் சுமார் 51 நிமிடம். அதே சேர்மத்தை 10 மில்லிகிராம் மட்டும் கொண்டுவந்தால், அதே தரத்துக்கு 4,096 ஸ்கேன், 3 மணி 25 நிமிடம் ஆகும். 5 மில்லிகிராம் என்றால் 16,384 ஸ்கேன், 13 மணி 39 நிமிடம். சாம்பிள் மாற்றும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 5 மில்லிகிராமோடு வரும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் இரவு 20 மில்லிகிராமோடு வரும் 16 பேருக்குப் போதுமானது.

ஆக, “ஆளுக்கு ஒரு மணி நேரம்” என்ற விதி பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் வேலைக்கு உதவாது. புரோட்டானுக்கு வந்தவர் 45 நிமிடத்தை வீணாக்குவார். நீர்த்த சாம்பிளோடு கார்பனுக்கு வந்தவர் பாதியில் எழுந்து போவார், மறுநாள் அதே சாம்பிளை முதலிலிருந்து ஓட்டுவார். வரம்பை அளவீட்டின் வகையை வைத்து எழுத வேண்டும்: பகலில் 15 நிமிடத்துக்கு மேற்படாத வேலைகள் மட்டும், நீண்டவை எல்லாம் இரவு வரிசைக்கு. முன்பதிவுப் படிவத்தில் சாம்பிளின் எடையையும் கேட்க வேண்டும். 5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், “இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுவர முடியுமா?” என்று இயக்குநர் கேட்பதுதான் முதல் நேரப் பங்கீடு. அதிக அளவு தயாரிக்கவே முடியாத சேர்மங்களும் உண்டு. அவற்றுக்கு முழு இரவு கொடுப்பதே நியாயம்.

நேர வரம்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ஸ்லாட்டின் நீளத்தைவிட, ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை ஸ்லாட்டைக் கையில் வைத்திருக்கலாம், எத்தனை நாள் முன்பே எடுக்கலாம் என்பவை முக்கியம். ஒரு மாதம் முன்பே எடுக்கலாம் என்றால், வினை முடியுமா முடியாதா என்று தெரியாத மாணவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைப்பார்கள். வேதிவினைகள் தேதி பார்த்து முடிவதில்லை என்பதால், ஏழு நாளுக்கு மேல் முன்பதிவைத் திறந்து வைப்பதில் பயன் குறைவு.

பராமரிப்பு ஏன் முதலில் வர வேண்டும்?

என்.எம்.ஆரின் காந்தம் மீகடத்திச் சுருளால் ஆனது. அது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், திரவ ஹீலியத்துக்குள் மூழ்கியிருக்கிறது. ஹீலியத்தைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் உறை உண்டு. வெளி வெப்பத்தைப் பெரும்பகுதி தடுப்பது அந்த உறைதான். நைட்ரஜன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால், பல காந்தங்களில் வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்புவார்கள்.

“இந்த வாரம் மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடலாம், ஒருவருக்கு அவசரம்” என்ற பேச்சு எங்கும் கேட்பதுதான். தள்ளிப்போடும் பழக்கம் முற்றினால் நைட்ரஜன் உறை வறண்டு, ஹீலியம் வழக்கத்தைவிட வேகமாக ஆவியாகத் தொடங்கும். இதை ஹீலியம் அளவுமானியின் வாராந்திரக் குறிப்பில் பார்க்கலாம். சீராக இறங்கிவந்த கோடு திடீரெனச் செங்குத்தாகச் சரியும். கவனிக்காமல் விட்டால் சுருள் மீகடத்தும் தன்மையை இழந்து, சேமித்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கொட்டிவிடும். இதைத்தான் குவென்ச் என்கிறார்கள். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பநிலையில் சுமார் 750 லிட்டர் வாயுவாக விரிகிறது. அது அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடுவதால் உள்ளே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. காந்தத்தை மீண்டும் குளிர்வித்து மின்னேற்ற, இந்தியா இறக்குமதியை நம்பியிருக்கும் ஹீலியம் பெருமளவில் தேவைப்படும். நாள் கணக்கில், பாகம் பழுதாகியிருந்தால் மாதக் கணக்கில் கருவி நிற்கும். ஒருவரது அவசரத்துக்காக விட்டுக்கொடுத்த நிரப்பும் நேரத்துக்கு எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் விலை இது.

எனவே பராமரிப்பையும் ஒரு முன்பதிவாகவே கருத வேண்டும். கருவிதான் முதல் பயனாளர். நிரப்பும்போது காந்தப்புலம் குலைந்து நிறமாலைக் கோடுகள் அகன்றுவிடும், ஆகவே அந்த நேரத்தில் அளவீடு கூடாது. அது நிலைப்படும் நேரத்தையும் சேர்த்தே அடைக்க வேண்டும். ஹீலியம் நிரப்பும் நாள், திரவ ஹீலியம் வண்டி வருவதைப் பொறுத்தது. அதற்கு ஒரே தேதியைக் குறிக்காமல் இரண்டு மூன்று நாள் இடைவெளியை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாட்களுக்கு நீண்ட ரன்களை ஏற்காமல் இருப்பது நல்லது.

முன்பதிவு மென்பொருளைத் தாமே எழுதும் கல்லூரிகள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. பராமரிப்பை ஓர் அட்டவணையிலும் மாணவர் பதிவுகளை வேறோர் அட்டவணையிலும் வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இன்னொரு தவறு, “இந்த நேரம் காலியா?” என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு தனியாகப் பதிவை எழுதுவது. இரண்டு மாணவர்கள் ஒரே நொடியில் அழுத்தினால் இருவருக்கும் காலி என்றே விடை வரும், இருவருக்கும் ஸ்லாட் கிடைத்துவிடும். இந்த மோதலைத் தரவுத்தளமே தடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதற்கு நேரடி வழி இருக்கிறது:

```sql
CREATE EXTENSION btree_gist;

CREATE TABLE booking (
  instrument_id int       NOT NULL,
  slot          tstzrange NOT NULL,
  kind          text      NOT NULL,
  status        text      NOT NULL,
  EXCLUDE USING gist (instrument_id WITH =, slot WITH &&)
    WHERE (status <> 'cancelled')
);
```

ஒரே கருவிக்கு ஒன்றன்மீது ஒன்று விழும் இரண்டு பதிவுகளை இந்த அட்டவணை ஏற்காது. `kind` என்ற இடத்தில் மாணவர், வகுப்பு, பராமரிப்பு எதுவாக இருந்தாலும் விதி ஒன்றே. ரத்தான பதிவுகள் மட்டும் கணக்கில் வராது. நேர இடைவெளியில் தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று வைத்தால் 10:15க்கு முடியும் பதிவும் 10:15க்குத் தொடங்கும் பதிவும் மோதாது.

முன்னுரிமை என்ன செய்யும், என்ன செய்யாது?

முன்னுரிமை கேட்பவர்கள் எல்லோரிடமும் நியாயம் இருக்கிறது. தன் திட்டநிதியில் கருவி வாங்கிய பேராசிரியர், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாணவர், சில மணி நேரத்தில் சிதைந்துவிடும் சேர்மத்தோடு நிற்பவர், கட்டணம் கட்டி வந்த வெளியூர்க் கல்லூரிக்காரர், எம்.எஸ்சி. செய்முறை வகுப்பு. இவர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர் கேட்டால் கீழே இருப்பவர் எழ வேண்டும் என்பது பல இடங்களில் நடைமுறையில் இருக்கும் விதி. அது எழுத்தில் இல்லாத இடங்களில் நெறியாளரின் ஒரு தொலைபேசி அழைப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வரிசைக் கோட்பாடு இதுபற்றித் தெளிவாகப் பேசுகிறது. 1965இல் லியோனார்ட் கிளைன்ராக் வகுத்த காப்பு விதியின் சாரம் இது: கருவி சும்மா இருக்காதவரை, வேலைப்பளுவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், முன்னுரிமையால் மொத்தக் காத்திருப்பு குறைவதில்லை. ஒருவருக்குக் குறைந்த காத்திருப்பு இன்னொருவர் தலையில் ஏறுகிறது. சராசரி ஆளின் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு, குறுகிய வேலைகளை முன்னே விடுவது. புரோட்டானைப் பகலுக்கும் கார்பனை இரவுக்கும் பிரித்தது அதைத்தான் செய்கிறது.

காத்திருப்பை உண்மையில் தீர்மானிப்பது நெரிசல். மிக எளிய வரிசை மாதிரியில், சராசரி அரை மணி நேர வேலை முடிந்து வெளியே வர, கருவி 80 சதவீதம் நிரம்பியிருந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். 90 சதவீதம் என்றால் 5 மணி, 95 சதவீதம் என்றால் 10 மணி. கடைசி 15 சதவீதத்தில் அந்த நேரம் நான்கு மடங்காகிவிடுகிறது. ஆண்டறிக்கையில் கருவி முழுநேரமும் ஓடியது என்று காட்ட ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்பும் நிர்வாகம், அவசரக்காரர்களையும் சண்டைகளையும் தானே உருவாக்குகிறது.

ஆகவே முன்னுரிமைக்கு ஒரு வரம்பு வேண்டும். அது இன்னும் கொடுக்காத நேரத்தின்மீது மட்டுமே செல்லும், கொடுத்த நேரத்தின்மீது செல்லாது. உறுதியான ஸ்லாட்டை நம்பி ஒரு மாணவர் முந்தின நாளே சேர்மத்தைத் தூய்மைப்படுத்தி, டியூட்டிரேற்றிய கரைப்பானில் கரைத்து வைத்திருப்பார். அதைப் பிடுங்கும் விதி ஒருமுறை நடைமுறைக்கு வந்தால், அடுத்த வாரமே எல்லோரும் பாதுகாப்புக்காக இரண்டு ஸ்லாட் எடுப்பார்கள். பதிவேடு நிரம்பியிருக்கும், கருவி காலியாக இருக்கும்.

ஒரு வாரம், ஒரு பழுது

இதை எண்ணிக்கையில் பார்ப்போம். 40 ஆராய்ச்சி மாணவர்கள், திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 5 வரை, மொத்தம் 48 மணி நேரம். இரண்டு இயக்குநர்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதல் கழித்தல் கருவிக்கு. புதன் காலை நைட்ரஜன் நிரப்ப ஒன்றரை மணி, திங்கள் காலை நியம சாம்பிளைக் கொண்டு கோட்டின் வடிவத்தையும் உணர்திறனையும் சரிபார்க்க அரை மணி, வெள்ளியன்று புதியவர்களுக்குப் பயிற்சி ஒரு மணி. அடுத்து, செவ்வாய் மதியம் எம்.எஸ்சி. செய்முறை 3 மணி. அது பருவத் தொடக்கத்திலேயே நிலையாகிவிடும். மீதி 42 மணி. அதில் தினமும் மாலை 4 முதல் 5 வரை, வாரத்துக்கு 6 மணி நேரத்தை முன்கூட்டிக் கொடுக்காமல் வைக்கிறோம். ரயில்வேயின் தட்கல் போல, முந்தின நாள் மட்டுமே அது திறக்கும். எஞ்சிய 36 மணி நேரம் 144 ஸ்லாட்டுகள்.

ஒவ்வொருவருக்கும் வாரம் 3 ஸ்லாட் உறுதி என்றால் 120 போகும். மிஞ்சும் 24 ஸ்லாட்டுகளே முன்னுரிமைக் கணக்கு. திட்டநிதிக்காரர், வெளிக்கல்லூரியார், ஆய்வேடு முடிப்பவர் எல்லோருக்கும் இதிலிருந்துதான். இவர்கள் 48 மணி நேரத்துக்கு முன் எடுக்காத ஸ்லாட்டுகள் பொதுவுக்குத் திரும்பும். யாருடைய 3 ஸ்லாட்டையும் தொடாமலேயே முன்னுரிமை நிறைவேறுகிறது.

வியாழன் நண்பகல் 12 மணிக்குக் கன்சோலில் பழுது ஏற்படுகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி பொறியாளர் வந்து சனி காலை கருவி திரும்புகிறது. வியாழன் 4 மணி, வெள்ளி 6 மணி என 40 ஸ்லாட் போய்விட்டது. அடுத்த வாரப் பதிவுகளை எல்லாம் ஒன்றரை நாள் பின்னே தள்ளினால், பழுதில் பாதிக்கப்படாதவர்களும் பாதிக்கப்படுவார்கள். அதற்குப் பதிலாக, ஸ்லாட் இழந்தவர்களுக்குக் கொடுக்காத நேரத்தில் முதல் உரிமை கொடுப்போம். சனி மாலை 4 ஸ்லாட், அடுத்த வார மாலைகளில் 24, ஆக 28. இன்னும் 12 வேண்டும். அதை அந்த வார முன்னுரிமைக் கணக்கின் 24இல் பாதியிலிருந்து எடுக்கலாம். நாற்பதும் ஈடாகிவிட்டது, உறுதியான எவருடைய பதிவும் நகரவில்லை. அந்த 6 மணி நேரத்தைக் காலியாக வைத்திருந்தது வீண் அல்ல என்பது இப்படிப்பட்ட வாரங்களில்தான் தெரியும்.

விதி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

முன்பதிவு ஏடு உண்மையை முழுதும் சொல்லாது. கருவியின் கோப்புகள் சொல்லும். புரூக்கர் கருவிகளின் டாப்ஸ்பின் மென்பொருள் ஒவ்வோர் அளவீட்டுக்கும் `audita.txt` என்ற கோப்பில் தொடக்கம், முடிவு, பயனாளர் கணக்கு ஆகியவற்றை எழுதி வைக்கிறது. மாதம் ஒருமுறை இதையும் முன்பதிவு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியவரும். பதிவு இருந்தும் கோப்பு இல்லையென்றால் ஸ்லாட் பதுக்கப்படுகிறது. கோப்பு ஸ்லாட்டைத் தாண்டி நீள்கிறதென்றால் 15 நிமிட வரம்பு அந்த வகை வேலைக்குப் போதவில்லை, அல்லது யாரோ பகலில் கார்பன் ஓட்டுகிறார். பதிவு ஒரு மாணவர் பெயரிலும் கோப்பு இன்னொருவர் பெயரிலும் தொடர்ந்து வந்தால், ஒரு குழு தன் உறுப்பினர்களின் ஸ்லாட்டுகளை ஒருவருக்காகச் சேர்க்கிறது.

வராதவர்களுக்கு அபராதம் விதிப்பதைவிட, 5 நிமிடம் தாமதித்தால் ஸ்லாட் தானே திறந்துவிடும் என்ற விதி அதிகம் பயன்படும். தொடர்ந்து வராதவரின் முன்பதிவு எல்லையை ஏழு நாளிலிருந்து இரண்டு நாளாகச் சுருக்கலாம். முந்தின நாள் மாலைக்குள் ரத்து செய்பவருக்கு எந்தத் தண்டனையும் கூடாது, அப்போதுதான் ரத்து செய்வார்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 40 மாணவர்கள் 80 ஆகிவிட்டால் எந்த விதியும் நேரத்தைப் பெருக்காது. ஆளுக்கு 3 ஸ்லாட் என்பது ஒன்றாகும், தட்கல் நேரம் கரையும், முன்னுரிமைக் கணக்கு சண்டைக்களமாகும். அப்போது கேட்க வேண்டியது இன்னொரு விதியை அல்ல. இன்னும் பெரிய தானியங்கி சாம்பிள் மாற்றியையோ, இரவுப் பணியாளரையோ, புரோட்டானுக்கென்று இன்னொரு சிறிய கருவியையோதான். அந்தக் கோரிக்கையை நிர்வாகத்தின் முன் வைக்கும்போது, நெரிசல் விழுக்காடும் காத்திருப்பு நாட்களும் கையில் இருந்தால் பேச்சு எடுபடும்.

துறைத் தலைவர்களுக்கும் கருவி மையப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவம் தொடங்குமுன் விதிகளை ஒரே பக்கத்தில், இந்த வரிசையில் எழுதுங்கள்: கருவிக்கான நேரம், வகுப்புக்கான நேரம், கொடுக்காமல் வைக்கும் நேரம், ஒவ்வொருவருக்கும் உறுதியான நேரம், கடைசியாக முன்னுரிமை நேரம். உறுதியான ஸ்லாட்டைப் பறிக்க யாருக்கும், உங்களுக்கும்கூட, அதிகாரமில்லை என்று அதன் அடியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே உள்ள எந்தக் கணக்கும் நிற்காது.